ஆறு அங்குலக் குழாய்

எங்கள் அலுவலகத்தில் பிழையைத் திருத்துவதற்கு அரை பிளேடு வைத்திருப்போம். முழு பிளேடை நடுவில் ஒடித்து, ஒரு பாதியைத் தாளில் மடித்து மேசை இழுப்பறையில் போட்டு வைப்பேன். டிரேசிங் தாளில் மையால் போட்ட கோடு தப்பாகிவிட்டால் பிளேடின் முனையால் பையப் பையச் சுரண்ட வேண்டும். பிறகு நகத்தால் தேய்த்து வழவழப்பாக்கி, அதன் மேல் சரியான கோட்டைப் போட வேண்டும். அழுத்தினால் தாள் ஓட்டையாகும். அழுத்தாவிட்டால் பழைய மை, அந்தத் தாளிலிருந்து எடுக்கும் நகலில், அதாவது பிரிண்டில், நீலத் திட்டாகத் தெரியும். என் கை அந்த வேலைக்குப் பேர் போனது.

திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் ஒரு மாடியில் இருந்தது அந்த அலுவலகம். கட்டடப் பொறியாளர் ஒருவர் நடத்தினார். எங்களுக்கு அவர் சார். நான் டிப்ளமோ படித்துவிட்டு அங்கே வரைவாளராகச் சேர்ந்தவள். சீவலப்பேரியிலிருந்து டவுன் பஸ்ஸில் வந்து போவேன். கணவர் வேலை பார்த்த பஞ்சாலை மூடிய பிறகு வீட்டில் என் சம்பளம் ஒன்றுதான். இரண்டு பிள்ளைகள். காலையில் சோறு வடித்து, பஸ்ஸில் நின்றபடி வந்து, எட்டு மணி நேரம் பலகையின் மேல் குனிந்திருந்து, மறுபடியும் நின்றபடியே திரும்புவேன். அந்த வருடங்களை நினைத்தால் எனக்கு முதலில் வருவது எந்த முகமும் இல்லை. இடுப்பு வலிதான் வருகிறது.

தொண்ணூறுகளின் நடுவில் வியாபாரிகள் சங்கம் ஒன்று ஊருக்கு வெளியே கண்காட்சி மண்டபம் கட்டத் தொடங்கியது. எழுபத்திரண்டு மீட்டர் நீளம், நாற்பது மீட்டர் அகலம், உள்ளே ஒரு தூண்கூடக் கிடையாது. சென்னையிலிருந்து ஒரு கட்டடக் கலைஞர் வடிவம் கொடுத்திருந்தார். கூரை ஒரே மேடாகப் போனால் உயரம் அதிகமாகிறது என்று அதை இரண்டு மேடாக்கி நடுவில் ஒரு பள்ளம் விட்டிருந்தார். இரண்டு வீட்டுக் கூரைகளை ஒட்டி வைத்ததுபோல் இருக்கும். அந்தப் பள்ளத்தின் நீளத்துக்கும் ஒரு தகரக் கால்வாய். தளத்தில் அதைக் கட்டர் என்பார்கள். கூரையில் விழும் மழையில் பாதி அந்தக் கட்டருக்குத்தான் வரும். கட்டருக்கு நேர் கீழே, ஒன்பது மீட்டர் இறக்கத்தில், மண்டபத்தின் நட்ட நடு.

அந்தத் தண்ணீரை எப்படி வெளியே கொண்டுபோவது என்பதுதான் கேள்வி. சார் தனக்குத் தெரிந்த வழியில் யோசித்தார். அந்தப் படத்தையும் நான்தான் வரைந்தேன். கட்டரில் ஆறு இடங்களில் ஓட்டை போட்டு, ஆறு குழாய்களை நேரே மண்டபத்துக்குள் இறக்கி, தரைக்கடியில் சாய்வாக வடிகால் வெட்டி வெளியே விடுவது. காலங்காலமாக எல்லோரும் செய்வது அதுதான். தண்ணீர் தன் பாரத்தில் தானே இறங்கும். குழாயின் சுவரை ஒட்டித் தண்ணீர் வழியும், நடுவில் காற்று இருக்கும். குழாயில் மூன்றில் ஒரு பங்குக்குமேல் தண்ணீர் நிறைவதில்லை. அதனால் குழாய் பெரிதாக இருக்க வேண்டும், நிறைய இருக்க வேண்டும். படுக்கையாகப் போகும் குழாய் என்றால் சாய்வு கட்டாயம்.

சங்கத்தின் செயலாளர் இரும்புக்கடை வைத்திருந்தவர். ஊரில் யார் வீடு கட்டினாலும் கம்பியும் குழாயும் அவர் கடையிலிருந்துதான் போகும். அண்ணாச்சி என்றால் அவரைத்தான் குறிக்கும் அளவுக்குப் பெரிய அண்ணாச்சி. அவர் படத்தைப் பார்த்துவிட்டுத் தள்ளி வைத்தார்.

“தூண் வேண்டாம்னு அவ்வளவு செலவழிச்சு இரும்பு போட்டிருக்கு. நீரு நடுவுல ஆறு பைப்பு நட்டு வைக்கீரே, சார். டிராக்டர் கம்பெனிக்காரன் ஸ்டாலு போடுவானா, பைப்பைக் கட்டிப் பிடிச்சிக்கிட்டு நிப்பானா?”

சாருக்கு முகம் சுருங்கிப் போனது. சென்னைக் கட்டடக் கலைஞர் அங்கிருந்தே இன்னொரு பொறியாளரை அனுப்பி வைத்தார். சைஃபன் முறையில் கூரைத் தண்ணீரை இறக்குவது பற்றி வெளிநாட்டில் படித்து வந்தவர். மெலிந்த மனிதர், தாழ்ந்த குரல். அவர் சொன்னது எங்கள் யாருக்கும் நம்புகிற மாதிரி இல்லை. கட்டரில் எட்டு வாய்கள். ஒவ்வொரு வாயின் மேலும் ஒரு தட்டையான மூடி இருக்கும். தண்ணீர் சுழித்துக்கொண்டு காற்றை உள்ளே இழுப்பதை அந்த மூடி தடுக்கும். நான்கு வாய்களுக்கு ஒரு குழாய். கட்டருக்கு அடியிலேயே சாய்வே இல்லாமல் மட்டமாகத் தொங்கிக்கொண்டு அது சுவர் வரைக்கும் போகும். அங்கே ஒரே இறக்கம். கிழக்குச் சுவரில் ஒன்று, மேற்குச் சுவரில் ஒன்று. மண்டபத்துக்குள் ஒரு குழாயும் தரையைத் தொடாது.

“பெரிய மழை வரும்போது குழாயில காற்றே இருக்காது, முழுக்கத் தண்ணிதான்” என்றார் அவர். “இறங்குகிற தண்ணி பின்னால இருக்கிற தண்ணியை இழுக்கும். ஒன்பது மீட்டர் உயரமும் இழுக்கிற பலமா மாறிடும். அதனால சின்னக் குழாயே போதும், சாய்வும் வேண்டாம்.”

அண்ணாச்சிக்கு நம்பிக்கை வரவில்லை. அப்போது பின்னால் நின்றிருந்த பிளம்பர் சிரித்துவிட்டார். “அண்ணாச்சி, ஸ்கூட்டர்ல இருந்து பெட்ரோல் எடுக்கமாட்டோமா? முதல்ல வாய வச்சு உறிஞ்சணும். டியூப்பு நெறஞ்சுட்டா அப்புறம் அதுவா ஓடும். நடுவுல காத்து புகுந்தா நின்னு போகும். அதானே சார் இது?” சென்னைக்காரர் அன்று முதல் தடவையாக முகம் மலர்ந்து, “அதேதான். இங்கே உறிஞ்சறது மழை” என்றார். அந்த ஒரு வாக்கியத்தில் சைஃபன் முடிவாயிற்று. சாரின் ஆறு குழாய்ப் படத்தைச் சுருட்டி நான் அலமாரிக்கு மேல் போட்டேன்.

அந்தப் பிளம்பரைப் பற்றிச் சொல்ல வேண்டும். என்னைவிட நாலைந்து வயது சின்னவர், கல்யாணமாகி ஒரு பெண் குழந்தை. குடிநீர்த் திட்ட வேலையில் கறுப்புப் பாலித்தீன் குழாய்களைச் சூடுபண்ணி ஒட்டப் பழகியவர். சூட்டுத் தட்டில் இரண்டு குழாய் முனைகளையும் அழுத்தி, இளகியதும் தட்டை உருவிவிட்டு ஒன்றோடு ஒன்று சேர்த்துப் பிடித்தால் ஒரே குழாயாகிவிடும். அண்ணாச்சி தன் கடையில் கிடந்த பிவிசி குழாயைப் போடலாம் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். உள்ளே இழுக்கிற இழுப்பில் மெல்லிய குழாய் சப்பிப் போகும் என்று சென்னைக்காரர் மறுத்துவிட்டார். அதனால் ஒவ்வொரு இணைப்பும் இந்தப் பிளம்பர் கையால்தான். சாரத்தின் மேல் உட்கார்ந்து, ஒட்டியது ஆறும் வரை கையை எடுக்காமல் பிடித்திருப்பார். சாக்பீஸால் எண் போடுவார். எனக்கு அவரைப் பிடிக்கும். தளத்தில் என்னைப் பார்த்ததும் பீடியை அணைத்துவிட்டுப் பேசுகிற ஒரே ஆள் அவர்தான்.

சென்னைக்காரர் கணக்கையும் கைப்படமாக ஒரு கோட்டுப் படத்தையும் அனுப்பினார். அதைப் பார்த்துத் தளத்துக்கான படம் போட வேண்டியது என் வேலை. மட்டமாகப் போகும் குழாய் மூன்று அங்குலத்தில் தொடங்கி, ஒவ்வொரு வாயும் சேரச் சேரப் பெரிதாகி, ஐந்து அங்குலத்தில் முடிந்தது. அது சரி. ஆனால் சுவரோரம் கீழே இறங்கும் குழாய் நான்கு அங்குலம் என்று இருந்தது. நான் அதை அப்படியே வரைந்து, பிரிண்ட் எடுத்துக் கொடுத்தும் விட்டேன்.

இரண்டு நாள் கழித்துப் பிளம்பர் அந்தப் பிரிண்டோடு மாடியேறி வந்தார்.

“அக்கா, ஒண்ணு கேக்கணும். மேல அஞ்சு இஞ்சு, கீழ நாலு இஞ்சுன்னு போட்டிருக்கு. தப்பா வரைஞ்சிட்டியளோ?”

வடிகால் வேலையில் எங்களுக்கு முதலில் சொல்லித் தருவது ஒன்றுதான். தண்ணீர் போகிற திசையில் குழாய் ஒருபோதும் சுருங்கக் கூடாது. பெரிசிலிருந்து சின்னதுக்குப் போனால் அடைக்கும். கழிவறைக் குழாயோ கூரைக் குழாயோ, பரீட்சையில் இதை எழுதாமல் யாரும் தேறியதில்லை. சென்னைக்காரரின் தாளை எடுத்துப் பார்த்தேன். அதிலும் நான்குதான். அவசரத்தில் எழுதியிருப்பார் என்று நினைத்தேன். எதிர்க்கடை எஸ்டிடி பூத்திலிருந்து சென்னைக்கு இரண்டு தடவை போட்டேன், எடுக்கவில்லை. சார் திசையன்விளையில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். பிளம்பருக்கு அன்றைக்கே குழாய்க்கு ஆர்டர் கொடுத்தாக வேண்டும், லாரி புறப்படுகிறது. நான் வீட்டுக்குப் போகிற பஸ் ஐந்தரைக்கு.

“நீங்க என்ன நினைக்கீங்க, தம்பி?” என்று கேட்டேன்.

“நான் என்னத்த நினைக்க. வழக்கமா ஒரு சைசு கூட்டித்தான் போடுவோம். கூடக் கெடந்தா யாரும் ஏச மாட்டாங்க.”

அது ஊர் முழுவதும் இருந்த வழக்கம்தான். கம்பியா, ஒரு சைஸ் கூட்டு. குழாயா, ஒரு சைஸ் கூட்டு. கூட்டிப் போட்டு யாரும் கெட்டதில்லை என்பது எங்களுக்கு வேதவாக்கு. நான் அரை பிளேடை எடுத்தேன். நான்கைச் சுரண்டி, நகத்தால் தேய்த்து, ஆறு என்று எழுதினேன். மேலே ஐந்து, கீழே ஆறு. பார்க்கவே மனதுக்கு நிம்மதியாக இருந்தது. புதுப் பிரிண்ட் எடுத்து, ஓரத்தில் என் சுருக்கொப்பத்தைப் போட்டு, பழையதை வாங்கிக் கிழித்துவிட்டு, இதை அவர் கையில் கொடுத்தேன். பஸ்ஸைப் பிடித்துவிட்டேன்.

மறுநாள் சாரிடம் சொன்னேன். “இறக்கத்துல ஆறு கொடுத்திருக்கேன், சார். நாலு ரொம்பச் சின்னதா இருந்தது” என்றேன். அவர் தலையை நிமிர்த்தாமலே, “நல்லது. மெட்ராஸ்காரனுக்கு நம்ம ஊரு மழையப் பத்தி என்ன தெரியும்” என்றார்.

எங்கள் ஊர் மழை எங்களை ஏமாற்றியது என்பதுதான் உண்மை. ஆனியில் குற்றாலத்தில் சாரல் என்றால் திருநெல்வேலிக்குக் காற்றும் நாலு தூறலும்தான். அந்தத் தூறலில் கூரைத் தண்ணீர் அழகாக இறங்கியது. சின்ன மழையில் இந்த முறையும் பழைய முறை மாதிரியே ஓடும். குழாயின் அடியில் கொஞ்சம் தண்ணீர், மேலே காற்று. சோதனைக்காக ஒரு டேங்கர் தண்ணீரைக் கட்டரில் பாய்ச்சினார்கள். ஹோஸ் தண்ணீருக்கு எந்தக் குழாயும் போதும். அதுவும் போயிற்று. ஒரு சொட்டுக்கூடக் கசியவில்லை என்று அண்ணாச்சி பிளம்பருக்குத் துண்டு போர்த்தினார். பிளம்பர் அந்தத் துண்டைப் பல நாள் தோளிலேயே போட்டுக்கொண்டு திரிந்தார்.

ஐப்பசியில் மண்டபம் திறந்தார்கள். முதல் கண்காட்சி. டிராக்டர், தையல் மெஷின், மெத்தை, ஊறுகாய், ஒரு மூலையில் டில்லி அப்பளம். மூன்றாம் நாள் மதியம் கிழக்கே கறுத்து வந்தது. நான் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதை என்று சொல்வார்களே, அதை நான் கண்ணால் பார்த்தேன். கால் மணி நேரம் கொட்டியது. முதலில் தலைக்கு மேலே களக் களக்கென்று சத்தம். பிறகு மண்டபத்தின் நடுவில், எழுபது மீட்டர் நீளத்தில், மேலிருந்து தண்ணீர்த் திரை ஒன்று இறங்கியது. கட்டரின் இரண்டு முனைகளிலும் உபரி வெளியேற வழிவாய் வைத்திருந்தார்கள். ஆனால் நடுவில் தேங்கியது அங்கே போய்ச் சேரும் முன்பே விளிம்பைத் தாண்டிவிட்டது. மெத்தைக்காரர் மெத்தையின் மேலே குப்புற விழுந்து அதை மறைக்கப் பார்த்தார். என் சின்ன மகள் கையிலிருந்த அப்பளம் ஊறித் துணியாகத் தொங்கியது. அவள் சிரித்தாள்.

நான் வெளியே ஓடிப்போய் கிழக்குச் சுவரைப் பார்த்தேன். ஆறு அங்குலக் குழாயின் வாயில் தண்ணீர் வந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் பாதிகூட இல்லை. இழுக்கும் பலம் எதுவும் அதில் இல்லை. மேலே அவ்வளவு தண்ணீர் தவித்துக்கொண்டிருக்க, கீழே குழாய் சோம்பலாகச் சொரிந்துகொண்டிருந்தது. அப்போதே எனக்குப் புரிந்தது என்று சொன்னால் பொய். ஆனால் படத்தில் நான் நகத்தால் தேய்த்த அந்த இடம் ஞாபகத்துக்கு வந்தது.

சென்னைக்காரர் இரண்டு நாளில் ரயிலேறி வந்தார். கூரைக்குப் போகவே இல்லை. சுவரோரம் வந்து, இறக்கக் குழாயைப் பார்த்து, கையால் சுற்றிப் பிடித்துப் பார்த்து, டேப்பைக் கேட்டார். அளந்துவிட்டு என்னிடம் சொன்னார், நான்தான் பக்கத்தில் நின்றேன். “இந்தக் குழாய் நிறையவே நிறையாதும்மா. நான் நாலு போட்டதே வேணும்னுதான். குறுகலா இருந்தாத்தான் தண்ணி வேகமா விழுந்து, காத்தை எல்லாம் வெளியே தள்ளி, குழாய் அடைபட்டமாதிரி நிறையும். அப்பதான் இழுக்க ஆரம்பிக்கும். அகலமாக்கிட்டா அது வெறும் ஓட்டை. மேலே இருக்கிற மட்டக் குழாய்க்குச் சாய்வும் இல்லை, இழுப்பும் இல்லை. அது என்ன செய்யும், பாவம்.” பாவம் என்று குழாயைத்தான் சொன்னார். கோபமே இல்லை அவர் குரலில். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

நான் அன்று சாயங்காலமே சாரிடம் போனேன். “நான்தான் சார் மாத்தினேன். உங்ககிட்டயும் சொன்னேன்” என்றேன். அவர் கதவைச் சாத்தச் சொன்னார்.

“நாளைக்கு அண்ணாச்சி முன்னால கூட்டம். மூலப் படம் எங்க?”

எடுத்து வந்தேன்.

“அதை நாலாக்கிரு.”

நான் நின்றேன். “உனக்கு வேலை வேணும்லா? எனக்கும் இந்த ஆபீசு வேணும். பைப்பு போட்டவன் தப்பாப் போட்டுட்டான்னா ரெண்டு நாள் பேச்சு. படம் தப்புன்னா இந்த ஊர்ல நமக்கு வேற படம் கிடையாது” என்றார். அதட்டவில்லை. அவரும் களைத்துத்தான் இருந்தார். எனக்கு மறுக்கத் தோன்றவில்லை என்பதல்ல. தோன்றியது. மறுத்த பிறகு வீட்டுக்குப் போய் என்ன சொல்வது என்பதும் கூடவே தோன்றியது. பிளேடை எடுத்தேன். சுரண்டிய இடத்தையே மறுபடியும் சுரண்டியதில் தாள் நடுங்கியது. ஓட்டையாகவில்லை. என் கை அவ்வளவு நல்ல கை.

மறுநாள் கூட்டம் சங்கத்தின் அறையில். அண்ணாச்சி, சார், சென்னைக்காரர், பிளம்பர், நான். மேசையில் என் புதிய பிரிண்ட். இறக்கம் நான்கு அங்குலம். சென்னைக்காரர் அந்த எண்ணின் மேல் விரலை வைத்தார். அதைச் சுற்றி லேசாக ஒரு நீலத் திட்டு இருந்தது. அவர் என்னை ஒருமுறை பார்த்தார், விரலை எடுத்துக்கொண்டார். வெளியூர்க்காரருக்கு ஊர்ச் சண்டை எதற்கு?

அண்ணாச்சி பிளம்பரைப் பார்த்துக் கத்தினார். “ஏலே, படத்துல நாலுன்னு போட்டிருக்கு. உன் இஷ்டத்துக்கு ஆறு போடுதியா? நீ என்ன, இஞ்சினியரா?”

“இல்ல அண்ணாச்சி. என் படத்துல ஆறுன்னுதான் இருந்திச்சு.”

“எங்கலே அந்தப் படம்?”

“காலைல சார் கேட்டாங்கன்னு சார் கையிலதான் குடுத்தேன்.”

சார், “என்கிட்ட ஒண்ணும் தரலையே, அண்ணாச்சி” என்றார். குரல் நடுங்கவே இல்லை.

பிளம்பர் சாரை மறுபடி பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார். துண்டு தோளில் இருந்தது. நான் மேசையின் விளிம்பைப் பார்த்தேன். அதில் யாரோ பேனாவால் கிறுக்கியிருந்தார்கள், ஒரு பூவும் இரண்டு இலையும். இன்றைக்கும் அந்தக் கிறுக்கலை என்னால் அப்படியே வரைய முடியும். மௌனம் சம்மதம் என்பார்கள். என்னுடையது சம்மதம்கூட இல்லை, வெறும் பயம். அந்த ஒரு நிமிடத்துக்குள் நான் வாயைத் திறந்திருந்தால் போதும். திறக்கவில்லை.

அண்ணாச்சி பிளம்பரை அன்றே அனுப்பிவிட்டார். அதோடு முடியவில்லை. அவர் கடையில் குழாய் வாங்க வரும் ஒவ்வொருவரிடமும் அந்தப் பெயர் போயிற்று. மார்கழிக்குள் அவருக்கு ஊரில் ஒரு வீட்டு வேலைகூட இல்லை என்று கேள்விப்பட்டேன். மாமனார் வீடு உடன்குடிப் பக்கம், அங்கே போய்விட்டார் என்றார்கள்.

இதற்கிடையில் அண்ணாச்சிக்கு சைஃபன் மேலேயே வெறுப்பு வந்துவிட்டது. தரையை உடைத்துப் பழையபடி ஆறு குழாயை இறக்கிவிடலாம் என்றார். சார் அலமாரி மேலிருந்த பழைய படத்தை எடுக்கச் சொன்னார். சென்னைக்காரர் ஒரே ஒரு தவணை கேட்டார். இறக்கக் குழாய்கள் இரண்டை மட்டும் மாற்றி ஒரு மழை பார்ப்போம், சரிவரவில்லையென்றால் தரையை உடையுங்கள் என்றார். மதுரையிலிருந்து இரண்டு பேர் வந்து ஆறு அங்குலத்தை அறுத்து எடுத்து, நான்கு அங்குலத்தை ஒட்டினார்கள். பிளம்பர் ஒட்டிய மேல் இணைப்புகள் அத்தனையும் அப்படியே இருந்தன. சாக்பீஸ் எண்கள்கூட அழியவில்லை.

கார்த்திகையில் அந்த மழை வந்தது. சென்னைக்காரர் இல்லை. பார்த்துவிட்டு வரச் சொல்லி சார் என்னை அனுப்பினார். காலியான மண்டபத்தில் நானும் காவலாளியும் மட்டும். தூறலில் பழையபடி களக் களக். மழை வலுக்க வலுக்கக் குழாய் திணறியது. விக்கல் எடுத்ததுபோல் காற்றை விழுங்கி விழுங்கிக் குலுங்கியது. காவலாளி, “அய்யய்யோ, மறுபடியும் ஊத்தப் போகுது” என்று சுவரோரம் ஒதுங்கினார். அப்புறம் தலைக்கு மேல் ஒரு அதிர்வு. விக்கல் சட்டென்று நின்றது. ஒரே சீரான முழக்கம், மண்டபத்தின் ஒரு முனையிலிருந்து சுவர் வரைக்கும். வெளியே போய்ப் பார்த்தேன். குழாயின் வாய் முழுக்கத் தண்ணீர், பாறை மாதிரி வெளியே பாய்ந்து தொட்டிக்குள் விழுந்துகொண்டிருந்தது. மேலே கட்டர் காலியாகும் வரை இழுத்துவிட்டு, பெரிதாக ஒரு காற்றை உறிஞ்சி ஓய்ந்தது. மறுபடியும் நிறைந்ததும் மறுபடி முழங்கியது. உள்ளே ஒரு சொட்டு விழவில்லை. நான் அங்கேயே உட்கார்ந்து அழுதேன். காவலாளி சந்தோஷத்தில் அழுகிறேன் என்று நினைத்துக்கொண்டார்.

சார் பழைய படத்தைத் திரும்ப அலமாரி மேல் போடச் சொன்னார். தரை பிழைத்தது. என் வேலையும் பிழைத்தது.

மூன்று வருடங்கள் கழித்து, ஒரு சொந்தக்காரர் வீட்டுத் துக்கத்துக்குப் போய்விட்டுத் திசையன்விளை பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டிருந்தேன். பின்னாலிருந்து “அக்கா” என்று குரல். பிளம்பர். கையில் குழாய் திருகும் குறடு, பையில் வளைவுக் குழாய்கள். தலை கொஞ்சம் நரைத்திருந்தது.

“சுகமா இருக்கியளா? பிள்ளைக நல்லா இருக்கா?”

“இருக்கோம். நீங்க?”

“இங்கன வீட்டு வேலதான். பாத்ரூம், டேங்கு. ஓடுது.” கொஞ்சம் தயங்கினார். “அக்கா, அந்த மண்டபத்துல நாலு இஞ்சு மாத்தின பொறவு மழை பாத்தியளா? சத்தம் வந்திச்சா? அந்த மெட்ராஸ் சார் சொல்லுவாருல்லா, நெறஞ்சா ஒரு சத்தம் வரும்னு.”

நான் சொன்னேன். விக்கலைச் சொன்னேன், அது சட்டென்று நின்றதைச் சொன்னேன், முழக்கத்தைச் சொன்னேன். வாய் நிறையத் தண்ணீர் பாய்ந்ததைக் கையால் காட்டினேன். உங்கள் இணைப்பில் ஒன்றுகூடக் கசியவில்லை என்றேன். அவர் குறடைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். நடுவில் ஒருமுறை, “எவ்வளவு நேரம் இழுத்திச்சு?” என்றார். சொன்னேன்.

“அப்ப கணக்கு சரிதான்” என்றார். முகம் தெளிந்திருந்தது.

திருநெல்வேலி பஸ் வந்து நின்றது. நான் படியில் கால் வைத்தேன். அவர் என் பையைத் தூக்கி உள்ளே கொடுத்தார். கொடுத்துக்கொண்டே, கோபமில்லாமல், நேரம் கேட்பதுபோல் சொன்னார்.

“அன்னைக்குக் கூட்டத்துல நீங்க சொல்லுவியன்னு பாத்துக்கிட்டே இருந்தேன், அக்கா.”

கண்டக்டர் விசில் கொடுத்தார். உட்கார இடமில்லை, திருநெல்வேலி வரைக்கும் நின்றுகொண்டே வந்தேன்.